"எந்த மடிக்கணினி வாங்கலாம்?"

மாணவர்களே, எஸ்.பி.எம். தேர்வு முடிந்து மேற்படிப்புக்கு இடம் கிடைத்ததும் பல வீடுகளில் எழும் கேள்வி இது. என் அக்காள் மகளும் இதைத்தான் கேட்டாள். "மாமா, எந்த லேப்டாப் வாங்கலாம்?" அவ்வளவுதான் செய்தி. எவ்வளவு பணம் இருக்கிறது, எதற்காக வாங்குகிறாள், எதுவும் இல்லை.

அதே கேள்வியை அவள் இன்னும் மூன்று பேரிடம் கேட்டிருந்தாள். கணினி விளையாட்டுப் பிரியனான அவளுடைய அண்ணன் முறை உறவினர் ஒருவர், விளையாட்டுக்கென்று வடிவமைத்த பெரிய மடிக்கணினியைச் சொன்னார். அலுவலகத்தில் வேலை செய்யும் சித்தி, தாம் பயன்படுத்தும் ஆப்பிள் கணினியையே வாங்கச் சொன்னார். கடைக்காரர், தம்மிடம் கையிருப்பில் இருந்த ஒன்றைக் காட்டினார். மூவரும் பொய் சொல்லவில்லை. கேள்வியில் அவள் காலியாக விட்ட இடத்தை ஒவ்வொருவரும் தத்தம் வாழ்க்கையைக் கொண்டு நிரப்பிவிட்டார்கள். ஒருமுறை நானும் இப்படித்தான் ஒரு நண்பர் மகனுக்கு எதையும் விசாரிக்காமல் என் கணினியையே பரிந்துரைத்து, பின்னர் அவனுக்கு வேண்டிய மென்பொருள் அதில் ஓடாது என்று தெரிந்து தலைகுனிந்திருக்கிறேன். அதனால் இம்முறை பதில் சொல்வதற்கு முன் கேள்வி கேட்டேன்.

முதல் கேள்வி பணத்தைப் பற்றியது. அவள் அம்மா தையல் வேலையில் சேர்த்து வைத்த 3,000 ரிங்கிட் இருந்தது. அந்த 3,000-க்கும் கணினியே வாங்கிவிட முடியாது. அவளுக்குச் சக்கரம் உள்ள சுட்டி ஒன்று கட்டாயம் வேண்டும். அதற்கான காரணம் பின்னால் வருகிறது. பை வேண்டும், கோப்புகளை நகலெடுத்து வைக்க ஒரு கையடக்கச் சேமிப்பகமும் வேண்டும். இவற்றுக்கு 350 ரிங்கிட் ஒதுக்கினோம். ஆகவே, கணினிக்கு மிஞ்சியது 2,650. இந்த ஓர் எண்ணைச் சொன்னவுடனேயே கடையில் இருக்கும் பாதிக் கணினிகள் பட்டியலிலிருந்து விழுந்துவிட்டன.

அடுத்து, எதற்காக? "படிப்புக்கு" என்றாள். இது பதிலே இல்லை. கட்டுரை எழுதுவதும் படிப்புதான், கட்டடம் வரைவதும் படிப்புதான். இரண்டுக்கும் வேண்டிய கணினி வேறு. நீங்கள் சொல்ல வேண்டியது மென்பொருளின் பெயரை. அவளுக்கு இடம் கிடைத்தது பொதுப்பணிப் பொறியியல் டிப்ளோமாவில். துறையில் விசாரித்தபோது இரண்டு பெயர்கள் கிடைத்தன: வரைபடத்துக்கு ஆட்டோகேட், பின்னர் கட்டட மாதிரிகளுக்கு ரெவிட்.

இந்த இரண்டு பெயர்களும் நிறைய வேலை செய்தன. ரெவிட் விண்டோஸுக்கு மட்டுமே வெளிவருகிறது. ஆகவே சித்தியின் ஆப்பிள் யோசனை போயிற்று. ரெவிட்டைத் தயாரிக்கும் நிறுவனம் குறைந்தது 16 ஜிபி நினைவகம் வேண்டும் என்கிறது. ஆகவே 8 ஜிபி கணினிகளும் போயின. ஆட்டோகேட்டில் வரைபடத்தைப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் சுட்டியின் சக்கரத்தை உருட்டுவார்கள். வரைபடத்தை நகர்த்த அதே சக்கரத்தை அழுத்திப் பிடிப்பார்கள். தொடுதளத்தை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் வரைந்து பார்த்தால் தெரியும் அந்த வேதனை.

நினைவகம் போதவில்லை என்றால் என்ன ஆகும்? அதை நீங்கள் படிக்கும் மேசை என்று வைத்துக்கொள்ளுங்கள். சேமிப்பகம் புத்தக அலமாரி. மேசை நிறைந்துவிட்டால் கணினி நின்றுவிடாது. சில புத்தகங்களை அலமாரிக்குக் கொண்டு போய் வைத்து, வேண்டும்போது திரும்ப எடுத்து வரும். அந்த நடைதான் உங்களுக்குக் கணினியின் மெத்தனமாகத் தெரிகிறது. விண்டோஸ் கணினியில் இதை நேரில் பார்க்கலாம். `Ctrl+Shift+Esc` அழுத்தி, `Performance` பகுதியில் `Memory` என்பதைத் தேர்ந்தெடுங்கள். எவ்வளவு நினைவகம் பயன்பாட்டில் உள்ளது என்று காட்டும். கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் கணினியிலும் அனுமதி கேட்டு இதைச் செய்யுங்கள். அதே பக்கத்தில் `Form factor` என்ற வரி இருக்கும். `SODIMM` என்று இருந்தால் நினைவகம் கழற்றி மாட்டும் பலகையில் இருக்கிறது. `Row of chips` என்று இருந்தால் அது தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டது. தனியாக ஒரு காலி இடம் இல்லாவிட்டால் பின்னர் கூட்ட முடியாது. இன்று 8 வாங்கி நாளை 16 ஆக்கலாம் என்று விற்பனையாளர் சொன்னால் இந்த வரியைப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

மூன்றாவதாக, எங்கே வைத்துப் பயன்படுத்துவாய் என்று கேட்டேன். விடுதியிலிருந்து பேருந்தில் வகுப்புக்குப் போக வேண்டும். வகுப்பில் மின் இணைப்பு எல்லாருக்கும் கிடைக்காது என்றாள். உறவினர் சொன்ன விளையாட்டுக் கணினி அப்போதுதான் அடிபட்டது. அதில் தனி வரைகலைச் சிப்பு இருக்கிறது. அது மின்சாரத்தைக் குடிக்கும், சூடாகும், அந்தச் சூட்டை வெளியேற்றப் பெரிய விசிறி வேண்டும், எடை கூடும். நாங்கள் பார்த்த கணினி மின்னேற்றியோடு சேர்த்து ஏறக்குறைய 3 கிலோ.

மின்கலம் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை நீங்களே கணக்கிடலாம். மின்கலத்தின் கொள்ளளவு வாட்-மணியில் எழுதப்பட்டிருக்கும். அதைக் கணினி இழுக்கும் வாட்டால் வகுத்தால் மணிக்கணக்கு கிடைக்கும். 54 வாட்-மணி மின்கலம் உள்ள மெல்லிய கணினி சாதாரண வேலையில் 9 வாட் இழுத்தால் 6 மணி நேரம். அதே மின்கலத்தோடு விளையாட்டுக் கணினி 18 வாட் இழுத்தால் 3 மணி நேரம்தான்.

அப்படியானால் தனி வரைகலைச் சிப்பு வேண்டாமா? டிப்ளோமாவில் வரையும் கோட்டு வரைபடங்களுக்கும் சிறிய வீட்டு மாதிரிகளுக்கும் செயலியோடு சேர்ந்து வரும் வரைகலையே சமாளிக்கும். அவள் அசைவுப்படங்கள் செய்யப் போகிறவள் என்றால் என் பதில் மாறியிருக்கும். எடையைச் சகித்துக்கொள் என்றுதான் சொல்லியிருப்பேன். எதை விட்டுக்கொடுப்பாய் என்று கேட்டேன். "வேகம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை மாமா, தூக்க முடியணும்" என்றாள். விருப்பம் என்றால் இதுதான். நிறத்தைச் சொல்வது அப்புறம்.

பிறகு அவள் தன் கேள்வியைத் திருத்தி அனுப்பினாள்: "2,650 ரிங்கிட்டுக்குள், விண்டோஸ், 16 ஜிபி நினைவகம், ஆட்டோகேட்டும் ரெவிட்டும் ஓட வேண்டும், தினமும் தூக்கிச் செல்வதால் ஒன்றரை கிலோ அளவில் இருக்க வேண்டும், விளையாட்டு தேவையில்லை. எது வாங்கலாம்?" அதே மூவரிடமிருந்தும் பதில் வந்தது. இம்முறை மூவர் பட்டியலிலும் ஒரே இரண்டு கணினிகள் இருந்தன. விசைப்பலகையைத் தட்டிப் பார்த்து ஒன்றை எடுத்தாள்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அவள் தம்பி, மூன்றாம் படிவ மாணவன், அன்று இரவே கேட்டான்: "மாமா, எனக்கு எந்த லேப்டாப்?" அவன் செய்வது கட்டுரை, படக்காட்சி, காணொளிப் பாடம். வீட்டில் இருந்த பழைய 8 ஜிபி கணினியில் அவற்றையெல்லாம் ஒன்றாகத் திறந்து பார்த்தோம். பயன்பாடு 6 ஜிபியைத் தாண்டவில்லை. "ஆனால் ஒரு மணி நேரத்தில் அணைந்துவிடுகிறதே" என்றான். கட்டளைச் சாளரத்தில் இதைத் தட்டச் சொன்னேன்:

```
powercfg /batteryreport
```

அது ஓர் அறிக்கையைச் சேமித்து, அது இருக்கும் இடத்தையும் காட்டியது. அதில் `DESIGN CAPACITY` 41,000 என்றும், `FULL CHARGE CAPACITY` 17,000 என்றும் இருந்தது. புதிதாக இருந்தபோது பிடித்த மின்சாரத்தில் பாதிகூட இப்போது பிடிக்கவில்லை. கணினி நன்றாகத்தான் இருந்தது, மின்கலம்தான் தேய்ந்துவிட்டது. மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு, மறுநாள் புதிய மின்கலம் விசாரிக்கக் கடைக்குப் போனோம்.