1234 என்ற கடவுச்சொல்லோடு வரும் கோப்பு

விலை கொடுத்து வாங்க வேண்டிய வீடியோ எடிட்டிங் மென்பொருளைக் காசில்லாமல் தேடுபவருக்கு யூடியூபிலேயே வழி கிடைத்துவிடுகிறது. வீடியோவின் கீழே ஓர் இணைப்பு, அதை அழுத்தினால் ஒரு ஜிப் கோப்பு, அதைத் திறக்க 1234 போன்ற ஒரு கடவுச்சொல். கூடவே ஒரு குறிப்பும் இருக்கும்: இது கிராக் வெர்ஷன் என்பதால் ஆன்டிவைரஸ் தவறாக எச்சரிக்கும், அதை அணைத்துவிட்டு நிறுவவும்.

எல்லோரும் பார்க்கும்படி கடவுச்சொல்லை எழுதிவைத்துவிட்டு, எதற்காக அந்தக் கோப்பைப் பூட்ட வேண்டும்? பூட்டிய ஜிப்புக்குள் என்ன இருக்கிறது என்பதை ஆன்டிவைரஸாலும் மின்னஞ்சல், கிளவுட் சேவைகளின் சோதனை நிரல்களாலும் பெரும்பாலும் பார்க்க முடியாது. அதற்காகத்தான். கடவுச்சொல்லோடு வரும் கிராக் கோப்பைக் கண்டால் அங்கேயே நிறுத்திவிடலாம். இதைவிடத் தெளிவான அறிகுறி வேறில்லை.

உள்ளே இருப்பது பெரும்பாலும் லும்மா, ரெட்லைன், விடார் போன்ற தகவல் திருடும் நிரல். விண்டோஸ் கணினியில் குரோம் சேமித்துவைக்கும் கடவுச்சொற்கள் `Login Data` என்ற கோப்பில் மறையாக்கம் செய்யப்பட்டு இருக்கின்றன. அந்த மறையை அவிழ்க்கும் சாவி பக்கத்திலேயே `Local State` என்ற கோப்பில் இருக்கிறது. அந்தச் சாவியையும் விண்டோஸ் பூட்டித்தான் வைத்திருக்கிறது. ஆனால் நீங்கள் லாகின் செய்திருக்கும் கணக்கில் ஓடும் எந்த நிரல் கேட்டாலும் விண்டோஸ் அதைத் திறந்து கொடுத்துவந்தது. கேட்பது குரோமா, கிராக்கோடு வந்த நிரலா என்று அது பார்க்கவில்லை. 2024 ஜூலையில் வந்த குரோம் 127, முதலில் குக்கிகளுக்குக் கூடுதல் பாதுகாப்பு ஒன்றைச் சேர்த்தது. சில மாதங்களிலேயே திருட்டு நிரல்கள் அதையும் கடக்கும் வழிகளைக் கண்டுபிடித்துவிட்டன.

குக்கிகள் ஏன் முக்கியம் என்றால், நீங்கள் ஏற்கெனவே லாகின் செய்துவிட்டீர்கள் என்பதற்கான அடையாளச் சீட்டு அவற்றில்தான் இருக்கிறது. அதைத் தன் கணினியில் வைத்துக்கொள்பவரிடம் பல தளங்கள் கடவுச்சொல்லும் கேட்காது, ஓடிபியும் கேட்காது.

இவ்வளவும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். வேலை முடிந்ததும் தன்னையே அழித்துக்கொள்ளும் நிரல்களும் உண்டு. ஆகவே மறுநாள் ஆன்டிவைரஸ் ஓட்டி ஒன்றும் இல்லை என்று தெரிந்தால், ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு கணினியிலிருந்தும் எடுத்தவை ஒரு தொகுப்பாகக் கட்டப்பட்டு டெலிகிராம் குழுக்களிலும் கள்ளச் சந்தைகளிலும் சில டாலருக்கு விற்கப்படுகின்றன.

அந்தத் தொகுப்புகள் எத்தனை காலம் உயிரோடு இருக்கும் என்பதை 2024இல் நடந்த ஸ்னோஃபிளேக் விவகாரம் காட்டியது. பெரிய நிறுவனங்கள் தங்கள் தரவுகளைச் சேமிக்கப் பயன்படுத்தும் சேவை அது. அதன் வாடிக்கையாளர் கணக்குகளுக்குள் புகுந்தவர்கள் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. சரியான பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தே நுழைந்தார்கள். புலனாய்வு செய்த மாண்டியன்ட் நிறுவனம், அவை தகவல் திருடும் நிரல்களால் எடுக்கப்பட்டவை என்றும், சில 2020லேயே திருடப்பட்டவை என்றும் கண்டது. ஒப்பந்தப் பணியாளர்கள் சிலர் வேலைக்கான கணினியிலேயே விளையாடியும் திருட்டு மென்பொருள் இறக்கியும் இருந்தார்கள். சில கடவுச்சொற்களை ஆண்டுக்கணக்கில் யாரும் மாற்றவில்லை. புகுந்த கணக்குகளில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் இல்லை. சுமார் 165 நிறுவனங்களுக்கு எச்சரிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனத்திடமிருந்து, அதன் கைபேசி வாடிக்கையாளர்களில் ஏறக்குறைய அனைவரின் அழைப்புப் பதிவுகளும் போயின.

பிரவுசர் எக்ஸ்டென்ஷன் வழியாக நடக்கும் திருட்டுக்கு இவ்வளவு பாடுகூடத் தேவையில்லை. நிறுவும்போது, நீங்கள் பார்க்கும் எல்லாத் தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும் அது அனுமதி கேட்கும், நாம் கொடுத்துவிடுகிறோம். 2023 மார்ச்சில், சாட்ஜிபிடியை கூகுள் தேடலோடு இணைப்பதாகச் சொன்ன போலி எக்ஸ்டென்ஷன் ஒன்று, குரோமின் அதிகாரபூர்வக் கடையிலேயே கிடைத்தது. சொன்ன வேலையை அது சரியாகவே செய்தது. கூடவே ஃபேஸ்புக் குக்கிகளையும் எடுத்து அனுப்பியது. நீக்கப்படும்போது அதை 9,000 பேருக்கு மேல் நிறுவியிருந்தார்கள். கடையில் இருக்கிறது, வேலை செய்கிறது என்ற இரண்டையும் நம்பிக்கைக்கான சான்றாகக் கொள்ள முடியாது.

சந்தேகமான கோப்பை ஏற்கெனவே ஓட்டிவிட்டவர்கள் பதற்றத்தில் அதே கணினியில் உட்கார்ந்து கடவுச்சொற்களை மாற்றுகிறார்கள். நிரல் இன்னும் உள்ளே இருந்தால் புதியவையும் போய்விடும். வேறொரு சுத்தமான கணினியிலோ போனிலோ தொடங்க வேண்டும். மற்ற கணக்குகளை மீட்க உதவும் முதன்மை மின்னஞ்சலை முதலில் மாற்றுங்கள், பிறகு வங்கிக் கணக்குகளை. ஒவ்வொன்றிலும் ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதையும் அழுத்த வேண்டும். திருடப்பட்ட குக்கி செல்லாமல் போவதற்கு அதுதான் வழி. பழைய கணினியில் விண்டோஸை முழுவதுமாக அழித்து மீண்டும் நிறுவிய பிறகே அதில் லாகின் செய்யலாம்.