செல்ஃபி பார்த்து லிப்ஸ்டிக் ஷேட் தேர்வு செய்வது எப்படி?

ஆன்லைனில் மாடல் உதட்டில் பளிச்சென்று இருந்த கோரல் ஷேட், நீங்கள் போட்டதும் செங்கல் நிறமாகிவிட்டதா? உங்கள் உதட்டின் சொந்த நிறமும் அதில் கலந்துவிடுவதுதான் காரணம். வாங்கும் முன் ஒரு செல்ஃபியிலேயே இதைக் கணிக்கலாம்.

பகலில், ஜன்னலைப் பார்த்து நின்று, ஃபில்டர் இல்லாமல், பல் தெரியச் சிரித்து போட்டோ எடுங்கள். கன்னத்துக்கு அருகில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொள்ளுங்கள். படத்தில் தாள் மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால், உங்கள் நிறமும் மாறித்தான் பதிவாகியிருக்கும். வேறு படம் எடுங்கள்.

படத்தில் மாநிறம், பிரவுன் கலந்த மேலுதடு, லேசாக மஞ்சளான பற்கள் தெரிகின்றன என்று வைத்துக்கொள்வோம். சருமத்தைவிட வெளிறிய நியூட் ஷேட் போட்டால் முகம் களையிழந்து தெரியும். ஆரஞ்சு சாயல் உள்ள கோரல், பல்லின் மஞ்சளை எடுத்துக்காட்டும். நீலச் சாயல் உள்ள சிவப்பு அல்லது பெர்ரி போட்டால் அதே பற்கள் வெண்மையாகத் தெரியும். மெல்லிய டின்ட் வாங்கினால் மேலுதடும் கீழுதடும் இரண்டு நிறமாக இருக்கும். அடர்த்தியான மேட் அதை மறைத்துவிடும்.

கடையில் புறங்கையில் தேய்த்துப் பார்த்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம். உதட்டில் இருக்கும் பிரவுன் கையில் இல்லையே!