பில் போட்ட மாதமும் பணம் வந்த மாதமும்

பருத்திப்பட்டில் புதிதாக ஒரு பட்டறை, அம்பத்தூர் தொழிற்பேட்டை ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் விற்பனை 10 லட்சம். நூறு ரூபாய் விற்பனைக்குத் தொண்ணூறு ரூபாய் செலவு. இரும்புக்கும் கூலிக்கும் அந்தந்த மாதமே பணம் எண்ணிக் கொடுத்தாக வேண்டும். முதலீட்டாளரிடம் காட்டும் எக்செல் தாளில் மே மாத விற்பனைக் கட்டத்தைத் தொட்டால் `=B4*1.15` என்றிருக்கும். மாதம் 15 சதவீத வளர்ச்சி. அந்தச் சூத்திரத்தை வலப்பக்கம் இழுத்துக்கொண்டே போனால் 36 மாதத்தில் விற்பனை 150 மடங்கைத் தாண்டி, மாதம் 15 கோடியில் நிற்கும். அதே தாளில் லேத் மெஷின்களின் எண்ணிக்கையும் வாடகையும் மாறாமல் இருந்தால், இந்த வளர்ச்சியை யாரும் யோசித்து எழுதவில்லை என்று தெரிந்துவிடும்.

ஆனால் இதைவிட ஆழமான பிழை பண வரவு வரிசையில் இருக்கிறது. ஜூலைக் கட்டத்தில் `=E4` என்று, அந்த மாத விற்பனையே அந்த மாத வரவாகக் காட்டப்பட்டிருக்கும். ஆலை 90 நாள் கடனில் வாங்குகிறது என்றால் அங்கே இருக்க வேண்டியது `=B4`, அதாவது ஏப்ரல் பில்லின் பணம். இதைத் திருத்திப் பாருங்கள். முதல் மூன்று மாதத்தில் ஏட்டில் லாபம் சுமார் மூன்றரை லட்சம். கையிலிருந்து போனதோ 31 லட்சம், வந்தது ஒன்றுமில்லை. ஜூலையில் பத்து லட்சம் வரும்போது அந்த மாதச் செலவு பதின்மூன்றரை லட்சத்தைத் தாண்டியிருக்கும். 15 சதவீத வளர்ச்சி நீடிக்கும் வரை இந்தத் துண்டு மாதாமாதம் பெருகும். இந்தக் கணக்கில் மாத வளர்ச்சி சுமார் மூன்றரை சதவீதத்துக்குள் இருந்தால்தான் வரவு செலவைத் தாங்கும். ஆகவே வளர்ச்சியையும் பணப்புழக்கத்தையும் தனித்தனியாகச் சரிபார்ப்பதில் பயனில்லை. பணம் வரும் தேதியைச் சரியாக எழுதினால், எவ்வளவு வேகம் சாத்தியம் என்பதைத் தாளே சொல்லிவிடும். ஜிஎஸ்டியை இதில் சேர்க்கவே இல்லை. ஆலை பணம் தராவிட்டாலும் பில் போட்டதற்கான வரியைக் கட்டியே ஆக வேண்டும்.

சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்குபவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மும்மடங்கு கூட்டுவட்டி. நல்ல பாதுகாப்புதான். ஆனால் இருக்கிற ஒரே பெரிய வாடிக்கையாளர் மீது வழக்குப் போடும் துணிவு புதுப் பட்டறைக்கு எளிதில் வராது. ஒருவேளை 45ஆம் நாளே பணம் வந்தாலும், 15 சதவீத வளர்ச்சியில் அந்த மாதச் செலவில் தொண்ணூறு பங்குக்கு எண்பத்தொரு பங்குதான் கைக்கு வரும். துண்டு சுருங்குமே தவிர மறையாது.

முதலீட்டுப் பணத்தால் அதை அடைக்கலாம் என்பது அடுத்த வாதம். அடைக்கலாம், அப்படியானால் எந்த மாதம் எவ்வளவு என்று தாளில் எழுத வேண்டும். ட்ரெட்ஸ் தளத்தில் பில்லைத் தள்ளுபடி செய்து முன்கூட்டியே பணம் வாங்குவதும் ஒரு வழி. அதற்கு வாங்கும் ஆலை பில்லை ஏற்றுக்கொள்ள வேண்டும், வட்டியும் போகும். நூற்றுக்குப் பத்து ரூபாய் லாபத்தில் அந்த வட்டி எவ்வளவு தின்னும் என்பதற்கும் தாளில் ஒரு வரிசை வேண்டும்.