ஒரு கோபுரம், இரண்டு வால்வுகள்

மெத்தனாலையும் தண்ணீரையும் பிரிக்கும் ஒரு சிறிய வடிகோபுரத்தைப் பற்றி வுட், பெர்ரி என்ற இருவர் 1973-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் இருந்த கோபுரம் அது. கட்டுப்பாட்டுப் பொறியியல் படிக்கிறவர்கள் இன்றும் அதன் எண்களை வைத்துத்தான் கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். காரணம், அங்கே இருந்த சிக்கல் எல்லா ஆலைகளிலும் இருக்கிறது.

கோபுரத்தின் உச்சியில் 96 சதவீத மெத்தனால் கிடைக்க வேண்டும். அடியில் வெளியேறும் தண்ணீரில் அரை சதவீதத்துக்கு மேல் மெத்தனால் இருக்கக் கூடாது. இதற்கு ஆபரேட்டர் கையில் இருப்பவை இரண்டு வால்வுகள். ஒன்று, உச்சியில் குளிர்ந்து திரவமான மெத்தனாலில் ஒரு பகுதியைத் திரும்பக் கோபுரத்துக்குள் விடும் ரிஃப்ளக்ஸ் வால்வு. மற்றது, அடியில் சூடேற்றும் நீராவி வால்வு.

பழைய வழியில் ஆளுக்கொரு பி.ஐ.டி. கன்ட்ரோலர். மேலே இருப்பது உச்சியின் தரத்தை மட்டும் பார்த்து ரிஃப்ளக்ஸைத் திருப்பும். கீழே இருப்பது அடியின் தரத்தை மட்டும் பார்த்து நீராவியைத் திருப்பும். பி.ஐ.டி. இப்போதுள்ள பிழை, இதுவரை சேர்ந்த பிழை, பிழை மாறும் வேகம் ஆகிய மூன்றையும் கொண்டு முடிவெடுக்கிறது. பக்கத்தில் இன்னொரு கன்ட்ரோலர் வேலை செய்வது அதற்குத் தெரியாது.

உச்சியின் தரத்தை 1 சதவீதம் உயர்த்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அளந்தெடுத்த மாடலின்படி, நிமிடத்துக்கு 35 கிராம் ரிஃப்ளக்ஸ் கூட்டினால் போதும். ஆனால் அதே 35 கிராம் அடியில் மெத்தனாலை அரை சதவீதம் கூட்டிவிடும். அதாவது, வீணாவது இரட்டிப்பாகிறது. இது அடியில் தெரியத் தொடங்கவே 7 நிமிடம் ஆகும். தெரிந்ததும் கீழ் கன்ட்ரோலர் நீராவியைத் திறக்கும். 3 நிமிடம் கழித்து அந்த நீராவி தண்ணீரையும் மேலே தள்ளி உச்சியின் தரத்தைக் குறைக்கும். உடனே மேல் கன்ட்ரோலர் இன்னும் ரிஃப்ளக்ஸ் கேட்கும். இரண்டும் மாறி மாறி இழுக்க, கோபுரம் ஊசலாடும். சலித்துப்போன ஆபரேட்டர் ஒன்றை மேனுவலில் போட்டுவிடுவார். பல ஆலைகளில் நடப்பது இதுதான்.

மாடல் பிரிடிக்டிவ் கன்ட்ரோல், சுருக்கமாக எம்.பி.சி., இரண்டு வால்வுகளையும் ஒரே கணக்கில் வைக்கிறது. முதலில் ஒவ்வொரு வால்வையும் தனித்தனியாகச் சிறிது திருப்பி, உச்சியும் அடியும் எப்படி மாறுகின்றன என்று பதிவு செய்கிறார்கள். அந்தப் பதிவுதான் மாடல். பிறகு நிமிடத்துக்கொரு முறை, அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கும் என்று அது கணித்து, இரண்டு தரங்களும் இலக்கை நெருங்கும்படி வால்வு அசைவுகளின் ஒரு தொடரைத் தேர்ந்தெடுக்கிறது. அந்தத் தொடரில் முதல் அசைவை மட்டும் செய்கிறது. அடுத்த நிமிடம் புது அளவீட்டைப் பார்த்து, கணிப்பில் இருந்த பிழையைத் திருத்தி, மறுபடி முதலிலிருந்து கணக்குப் போடுகிறது.

நம் கோபுரத்தில் அது காணும் விடை: ரிஃப்ளக்ஸ் 71 கிராம், நீராவி 24 கிராம். தனியாகப் பார்த்தபோது 35 கிராம் போதும் என்றிருந்த ரிஃப்ளக்ஸ், அடியையும் அசையாமல் வைக்க இரு மடங்கு தேவைப்படுகிறது. ரிஃப்ளக்ஸின் விளைவு அடிக்குப் போய்ச்சேர 7 நிமிடமும் நீராவியின் விளைவு சேர 3 நிமிடமும் ஆகும் என்பது மாடலிலேயே இருப்பதால், அடி கெட்டுப்போகும்வரை காத்திராமல் நீராவியை முன்கூட்டியே திறக்கிறது.

இந்த அளவுக்கு, இரண்டு பி.ஐ.டி.க்கு நடுவே ஒரு திருத்தக் கணக்கைச் செருகியும் சமாளிக்கலாம். எம்.பி.சி. உண்மையில் ஜெயிக்கும் இடம் எல்லைகள்தான். நீராவி வால்வில் இன்னும் 12 கிராமுக்குத்தான் இடம் இருக்கிறது என்று வைப்போம். திருத்தக் கணக்கு 24 கிராம் கேட்டுக்கொண்டே இருக்கும், ரிஃப்ளக்ஸ் முழுதாக ஏறும், அடி கெடும். எம்.பி.சி.க்கு அந்த எல்லை முன்பே சொல்லப்பட்டிருக்கிறது. அடியைக் காப்பதே முக்கியம் என்று பொறியாளர் குறித்திருந்தால், ரிஃப்ளக்ஸையும் பாதியாக்கி, உச்சியை அரை சதவீதம் மட்டும் உயர்த்தி நிற்கும். ஷெல் நிறுவனத்தில் கட்லரும் ரமாக்கரும் 1970-களில் இம்முறையை உருவாக்கியதும் சுத்திகரிப்பு ஆலைகளுக்காகத்தான். அங்கே லாபம் எல்லையை ஒட்டி ஓட்டுவதில் இருக்கிறது.

பலவீனமும் மாடலில்தான். கோபுரத் தட்டுகளில் அழுக்குப் படியும், வரும் கலவை மாறும். பழைய பதிவு பொய்யாகும். திரையில் கணித்த கோடும் அளந்த கோடும் எப்போதும் ஒரே பக்கமாக விலகினால், சோதனையை மறுபடி செய்து மாடலைப் புதுப்பிக்க வேண்டும். செய்யாவிட்டால் ஆபரேட்டர்கள் எம்.பி.சி.யை அணைத்துவிடுவார்கள்.

பி.ஐ.டி. வெளியேறிவிடவில்லை. எம்.பி.சி. சொல்லும் ஓட்ட அளவுகளை வால்வில் நிறைவேற்றுவது இன்றும் கீழே இருக்கும் பி.ஐ.டி.க்கள்தான். ஒரே அளவீடு, ஒரே வால்வு, பக்கத்தில் யாரையும் பாதிக்காத வேலை என்றால் அவற்றை மாற்றுவது வீண் செலவு.