கார்டைத் தேய்க்க எது நல்ல நாள்?

ஜூன் மாதம் பையனின் பள்ளிக் கட்டணம் நாற்பதாயிரம். கவுண்டரில் கிரெடிட் கார்டை நீட்டினேன். "ஸ்வைப் பண்ணா ரெண்டு பெர்சென்ட் எக்ஸ்ட்ரா சார்" என்றார் அலுவலக அம்மா. அதாவது 800 ரூபாய். "பள்ளி வெப்சைட்ல கட்டினா ஒரு பெர்சென்ட்தான், ஜிஎஸ்டி தனி" என்றும் அவரே வழி சொன்னார். அங்கே 400 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 72. ஆக 472.

வீட்டுக்கு வந்து பேனாவும் பேப்பருமாக உட்கார்ந்தேன். என் கார்டில் நூறு ரூபாய்க்கு ஒரு பாயிண்ட், ஒரு பாயிண்டுக்கு 25 காசு. நாற்பதாயிரத்துக்கு 400 பாயிண்ட் என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கையில் வருவது நூறு ரூபாய். அதைப் பொருளாக மாற்றும்போது பல வங்கிகள் 99 ரூபாயும் ஜிஎஸ்டியும் பிடிக்கின்றன. நூறு ரூபாய் பாயிண்டை மட்டும் மாற்றப் போனால் நாம்தான் பாக்கி வைப்போம். சேர்த்துவைத்து மொத்தமாக மாற்றினால்தான் அது நூறு.

அடுத்து வட்டியில்லாத நாட்கள். எனக்கு பில் போடும் தேதி 8, கடைசித் தேதி 28. ஜூன் 9 அன்று கட்டினால் அது ஜூலை 8 பில்லில் வந்து, ஜூலை 28 வரை 49 நாள் அவகாசம் கிடைக்கும். அதுவரை நாற்பதாயிரமும் என் சேமிப்புக் கணக்கிலேயே இருக்கும். இரண்டரை சதவீத வட்டியில் அது சம்பாதிப்பது சுமார் 134 ரூபாய். பாயிண்டையும் சேர்த்தால் 234. கொடுப்பதோ 472. கையில் பணம் இருப்பவருக்கு இது நஷ்டக் கணக்கு. கைப்பணத்தை 'சும்மா சுழற்றலாமே' என்று சொல்பவர்கள், ஒன்றரை மாத வட்டி எவ்வளவு சொற்பம் என்று போட்டுப் பார்ப்பதில்லை.

பணம் இல்லாதவருக்குக் கணக்கு வேறு. போனஸ் ஜூலையில்தான் வரும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அந்த 472 ரூபாயை நாற்பதாயிரத்துக்கான வட்டியாகப் பார்க்க வேண்டும். 49 நாளுக்கு 1.18 சதவீதம் என்றால் ஆண்டுக்கு சுமார் 8.8 சதவீதம். கைமாற்றுக்கு அலைவதைவிட மேல். ஆனால் அதே ஆள் ஜூலை 7 அன்று கட்டினால், மறுநாளே பில் போட்டுவிடுவார்கள். அவகாசம் 21 நாள்தான். அதே 472 ரூபாய் இப்போது ஆண்டுக்கு 20 சதவீதத்துக்கும் மேலான வட்டியாகிவிடுகிறது. கட்டணம் மாறவில்லை, தேதிதான் மாறியது. அதனால் கார்டை எடுக்குமுன் பில் தேதியைப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது.

இந்தக் கணக்கெல்லாம் கடைசித் தேதிக்குள் முழுத் தொகையையும் கட்டுபவருக்கு மட்டும். 'மினிமம் டியூ' என்று இரண்டாயிரத்தைக் கட்டிவிட்டு மீதியைத் தள்ளினால், கொடுத்த அவகாசத்தை வங்கி திரும்ப எடுத்துக்கொள்ளும். மாதம் மூன்றரை சதவீத வட்டி, கார்டைத் தேய்த்த ஜூன் 9-லிருந்தே ஓடத் தொடங்கும். ஜூலை 28-க்குள்ளேயே அது இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டும், ஜிஎஸ்டி தனி. பாக்கி தீரும்வரை மளிகைக்குத் தேய்த்தாலும் முதல் நாளிலிருந்தே வட்டி.

கட்டணம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். செயலி வழியாகக் கட்டினால் செயலி ஒரு கட்டணம் எடுக்கும். வங்கி தன் பங்குக்கு ஒரு சதவீதத்தைப் பின்னால் பில்லில் போடும். ஐசிஐசிஐ, எஸ்பிஐ கார்டு போன்றவை கல்விக் கட்டணத்தை மூன்றாம் நபர் செயலியில் கட்டினால்தான் இதை வசூலிக்கின்றன. பள்ளியின் சொந்த வெப்சைட்டிலோ, பள்ளி மெஷினிலோ கட்டினால் இல்லை.

வாடகையில் இன்னும் கெடுபிடி. 2022 கடைசியிலிருந்தே வங்கிகள் வாடகைக்குத் தனிக் கட்டணம் போடத் தொடங்கின. பல கார்டுகளில் பாயிண்டும் போயிற்று. நண்பரையோ மனைவியையோ வீட்டு ஓனராகக் காட்டிக் கார்டுப் பணத்தைக் கணக்குக்குக் கொண்டுவந்தவர்கள் ஏராளம். அதன் விளைவு இது. 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, தங்களோடு ஒப்பந்தம் உள்ள வணிகர்களுக்குத்தான் பணப் பரிமாற்ற நிறுவனங்கள் பணம் சேர்க்கலாம் என்று விதி வகுத்தது. வீட்டு ஓனர் அப்படிப்பட்ட வணிகர் இல்லையே. பெரிய செயலிகள் பல வாடகைச் சேவையை நிறுத்தின.

கட்டணம் கொடுத்தும் லாபம் வரும் இடம் ஒன்று உண்டு. என் அக்காவின் கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் 999, ஜிஎஸ்டியோடு 1,179. வருஷத்துக்கு இரண்டு லட்சம் செலவழித்தால் தள்ளுபடி. அவளுக்கு நாற்பதாயிரம் குறைந்தது. பள்ளி வெப்சைட்டில் 472 கொடுத்துக் கட்டினாள், 1,179 மிச்சம். அதற்கு முன் கஸ்டமர் கேருக்கு போன் போட்டு, பள்ளிக் கட்டணம் அந்த இரண்டு லட்சத்தில் சேருமா என்று கேட்டுக்கொண்டாள். வாடகை சேராது என்றும் அப்போதுதான் தெரிந்தது.

எனக்கு அப்படி எந்தத் தள்ளுபடியும் பாக்கியில்லை. மறுநாள் யுபிஐயில் நாற்பதாயிரத்தைக் கட்டி ரசீது வாங்கி வந்தேன்.