எது நூறு?

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வின் 200 கேள்விகளில் 25 கணக்கும் மனத்திறனும் சார்ந்தவை. வேலைக்குப் போய்க்கொண்டே வீட்டில் படிப்பவர்களில் சிலர் இதற்காகப் பிழை நோட்டு வைத்திருப்பார்கள். புரட்டினால் பாதி இடத்தில் ‘கவனக்குறைவு’ என்றிருக்கும். அதை வைத்துக்கொண்டு எந்தக் கணக்கைப் போட்டுப் பழகுவது?

நோட்டில் ஏற வேண்டியது, தப்பு நடந்தபோது மனதில் ஓடிய வழி. ஒரு பொருளை 600 ரூபாய்க்கு விற்றதில் 20% லாபம். வாங்கிய விலை என்ன? 600-இல் 20% என்பது 120, கழித்தால் 480 என்று ஒருவர் எழுதுகிறார். விடை 500. அவர் குறிக்க வேண்டியது: ‘விற்ற விலையை 100 என்று எடுத்தேன். வாங்கிய விலைதான் 100.’ இதை அன்றைக்கே எழுதிவிட வேண்டும்; மறுநாள் சரியான விடை மட்டுமே நினைவிலிருக்கும், தப்பான வழி மறந்துபோகும்.

அதே வாரம் இன்னும் இரண்டு தவறுகள். சம்பளம் 10% ஏறி, பிறகு 10% இறங்கினால் பழைய சம்பளமே என்று எழுதியிருக்கிறார். உண்மையில் 1% குறைவு. எண்ணெய் விலை 25% ஏறினால், செலவு கூடாமலிருக்க உபயோகத்தை 25% குறைக்கலாம் என்கிறார், 20% போதும். பார்வைக்கு மூன்றும் வேறுவேறு கணக்குகள். காரணங்களை அடுத்தடுத்துப் படித்தால் தப்பு ஒன்றுதான்: எது 100 என்பதைத் தீர்மானிக்காமலே கணக்கில் இறங்கியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை நோட்டைப் படித்து, இப்படித் திரும்ப வந்த ஒரு தவறை மட்டும் அந்த வாரத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். பழைய தாள்களிலிருந்து பத்துக் கணக்குகள் போதும். முதல் நாள் விடையே காண வேண்டாம். ஒவ்வொன்றிலும் எது 100 என்று மட்டும் எழுதினால் சரி. அடுத்த நாட்களில் இரண்டிரண்டாகப் போட்டு, விடையைக் கேள்விக்குள் வைத்துப் பார்க்கலாம். 480-க்கு 20% கூட்டினால் 576 வருகிறது, 600 அல்ல. தப்பு அங்கேயே பிடிபடும்.

பத்தும் ஒரே மாதிரிக் கணக்காக இருந்தால் கை தானாகப் போடும், திருந்தியதுபோலத் தோன்றும். அதனால் வார இறுதியில் வட்டி, விகிதம், பரப்பளவுக் கணக்குகளுக்கு நடுவே இரண்டை ஒளித்துவைத்துப் போட வேண்டும். அடுத்தடுத்து மூன்று வாரம் அப்படியும் பிழை வராவிட்டால் அந்தப் பதிவை அடித்துவிடலாம். பிறகு தலைகாட்டினால் திரும்ப எழுத வேண்டியதுதான்.

இத்தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை என்பதால் எல்லோரும் ஊகித்தாவது குறிக்கிறார்கள். வீட்டில் மாதிரித் தாள் எழுதும்போது, ஊகித்த கேள்விக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பது நல்லது. விடை சரியாக அமைந்திருந்தாலும் புள்ளி வைத்த கேள்வி நோட்டுக்குப் போக வேண்டும்.