இருமுறை மின்னும் விளக்கு

பல ஏர்பஸ் விமானங்களின் இறக்கை நுனி விளக்கு இரவில் ‘பளிச் பளிச்’ என்று அடுத்தடுத்து இருமுறை மின்னிவிட்டு, சற்று ஓய்ந்து, மறுபடி மின்னும். அந்தத் தாளத்தை என் சைக்கிளின் பின்விளக்குக்குக் கொண்டுவர நினைத்தேன். ஒரு நொடியை எட்டாகப் பிரித்து, எரிவதை 1, அணைவதை 0 என்று எழுதினால் 10100000. இது ஓயாமல் திரும்பத் திரும்ப வர வேண்டும். மைக்ரோகன்ட்ரோலருக்கு இது சில வரி வேலைதான். அது இல்லாமல் செய்து பார்ப்பதில்தான் சுவை.

முதல் வழிக்கு இரண்டு சில்லுகள் போதும். 74161 ஒரு கவுன்டர். 555 டைமர் நொடிக்கு எட்டுத் துடிப்பு கொடுக்க, அது எண்ணிக்கொண்டே போகும். அதன் கீழ் மூன்று கால்களை மட்டும் பார்த்தால் 0 முதல் 7 வரை சுற்றிவரும். 74151 ஒரு மல்டிபிளெக்சர். அதற்கு எட்டு வாசல்கள். எந்த எண் வருகிறதோ அந்த வாசலில் இருப்பதை வெளியே விடும். வாசல் 0, 2 இரண்டையும் 5 வோல்ட்டில் கட்டினேன், மற்ற ஆறையும் தரையில். ஏழாம் காலையும் தரையில் கட்ட வேண்டும். மறந்தால் விளக்கு எரியவே எரியாது. தாளம் மாற வேண்டுமா? கம்பியை மாற்றிச் செருகினால் முடிந்தது.

இதில் ஒரு வேடிக்கை. கவுன்டரிலிருந்து வரும் மூன்று கம்பிகளில் முதலையும் கடைசியையும் இடம் மாற்றிச் செருகியிருந்தேன். வாசல்கள் 0, 4, 2, 6, 1, 5, 3, 7 என்ற வரிசையில் திறந்தன. ஆனாலும் விளக்கு சரியாகவே மின்னியது! 0-உம் 2-உம் தங்கள் இடத்திலேயே இருப்பதால் தவறு ஒளிந்துகொண்டது. சோதிப்பதற்கு வாசல் 0, 1 இரண்டை மட்டும் உயர்த்திப் பாருங்கள். மின்னல்கள் ஒட்டி வராமல் அரை நொடி தள்ளி வந்தால் கம்பி மாறியிருக்கிறது.

இன்னொரு குறை கண்ணுக்குத் தெரியாது. 74161-க்குப் பதில் ஒன்றன்பின் ஒன்றாகப் புரளும் சாதாரண ரிப்பிள் கவுன்டரைப் போட்டால், 3-லிருந்து 4-க்கு நேராகப் போகாமல் 3, 2, 0, 4 என்று தாவும். 2-லும் 0-லும் 1 இருக்கிறதே! அணைந்திருக்க வேண்டிய நேரத்தில் நானோ நொடிக் கணக்கில் ஒரு முள் கிளம்பும். விளக்குக்கு அதனால் ஒன்றுமில்லை. அந்த வெளியீட்டை இன்னொரு கவுன்டர் எண்ணினால் கணக்கு தப்பும். ஒரே துடிப்பில் எல்லாக் கால்களும் மாறும் 74161-இல் இது குறையும், அடியோடு ஒழியாது. கடைசியில் ஒரு ஃப்ளிப்-ஃப்ளாப் வைத்து, அடுத்த துடிப்பு வரும்போது மட்டும் வெளியே விட்டால் தொல்லை தீரும்.

ஷிஃப்ட் ரெஜிஸ்டர் வழி வேறு மாதிரி. அதற்கு எண்ணத் தெரியாது; கடைசியாக வந்த சில பிட்களை மட்டும் நினைவில் வைத்து, அடுத்தது என்ன என்று முடிவு செய்யும். மூன்று அறை போதுமா? 000 பார்த்தபின் சில சமயம் 0 வருகிறது, சில சமயம் 1 வருகிறது. குழப்பம்தான். நான்கிலும் 0000 இருமுறை வருகிறது. ஐந்து அறை வைத்தால்தான் எட்டு நிலைகளும் வெவ்வேறாகின்றன. பழையதிலிருந்து புதியது வரை அறைகளை அ, ஆ, இ, ஈ, உ என்போம். 00000-க்கும் 00010-க்கும் பின் மட்டும் 1 வர வேண்டும், மற்ற ஆறுக்கும் 0.

கார்னோ வரைபடம் போட்டுச் சுருக்கினால், அ, ஆ, உ மூன்றும் 0 ஆனால் 1 கொடு என்று முடிகிறது. ஒரே ஒரு மூன்று-உள்ளீட்டு நார் கேட்! இதற்கு மயங்கித்தான் நான் மாட்டிக்கொண்டேன். சில நாள் சுவிட்சைப் போட்டதும் விளக்கு இரட்டையாக மின்னாமல், மூன்று துடிப்புக்கு ஒருமுறை மின்னத் தொடங்கும். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் மாறாது. மின்சாரம் வரும்போது அறைகளில் 00100 விழுந்துவிட்டால், அடுத்து 01001, பின் 10010, மறுபடி 00100. நம் எட்டு நிலைகளில் இல்லாத இன்னொரு செக்குச் சுற்று அது. மொத்தம் உள்ள 32 நிலைகளில் நான்கு அந்தக் குழியில் விழுகின்றன.

தேவையில்லை என்று வரைபடம் கழித்துவிட்ட ‘இ’ கம்பியைத் திரும்பச் சேர்த்தேன். நான்கு-உள்ளீட்டு நார் கேட் ஆனது. இப்போது 00100-க்கு அடுத்து 0 வந்து, 01000 என்ற நல்ல நிலைக்குப் போய்விடுகிறது. எந்த நிலையில் தொடங்கினாலும் அதிகபட்சம் நான்கு துடிப்பில் வழிக்கு வந்துவிடும்.

ஷிஃப்ட் ரெஜிஸ்டரின் வெளியீடு ஃப்ளிப்-ஃப்ளாப்பிலிருந்து நேரே வருவதால் அதில் முள் இல்லை. அந்த ஒரு மெச்சத்தக்க குணத்துக்காக அதைப் பிடிக்கும். ஆனால் தாளத்தில் ஒரு பிட் மாறினாலும் அறைகளின் எண்ணிக்கையிலிருந்து எல்லாவற்றையும் புதிதாகக் கணக்கிட வேண்டும். என் சைக்கிளில் இப்போது ஓடுவது கவுன்டரும் மல்டிபிளெக்சரும்தான்.